தொட்டி மண் மேல் வெள்ளைப் படிவம், பாசி, குட்டிக் கருப்புப் பூச்சி: படத்தைப் பார்த்துப் பிரித்தறிந்து சரிசெய்ய ஒரு வழிகாட்டி

மதுரையில் மாடியிலோ போர்டிகோவிலோ தொட்டி வைத்திருக்கும் சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் அடிக்கடி ஒரு படத்தை அனுப்பிவிட்டு இப்படிக் கேட்பார்கள்: "மண்ணு மேல வெள்ளையா பூத்துருக்கு, பூசணமா? மருந்து ஏதாச்சும் சொல்லுங்க." படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் விளிம்பில் வெள்ளை, நிழல் பக்கம் பச்சைப் பாசி என்று இரண்டும் இருக்கும். கூடவே தண்ணீர் ஊற்றும்போது கொசு மாதிரி சின்னப் பூச்சிகள் எழும்புகின்றன என்பார்கள். மூன்றுக்கும் மூன்று மருந்து தேடுவதுதான் வழக்கம்.

மூன்றுமே தண்ணீரின் கதைதான். ஊற்றும் தண்ணீர் அடித்துளை வழியாக வெளியேறாமல் மேல் மண் வழியாகவே ஆவியாகிக்கொண்டிருந்தால் உப்பு மேலே தங்கிவிடும், அதுதான் வெள்ளை. மேல் மண் காயவே நேரம் கிடைக்காவிட்டால் பாசி படரும், பூச்சி முட்டையிடும். சிக்கல் எங்கே என்றால், உப்புக்கு வைத்தியம் தாராளமாகத் தண்ணீர் விட்டு அலசுவது, பூச்சிக்கு வைத்தியம் மண்ணைக் காயப்போடுவது. இரண்டும் நேர் எதிர். ஒரே தொட்டியில் இரண்டும் இருக்கும்போது எதை முதலில் செய்வது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். பூச்சிக்குப் பயந்து முதலில் காயப்போட்டால், மண்ணில் இருக்கும் கொஞ்ச நஞ்ச ஈரத்தில் உப்பின் செறிவு ஏறும். வேரால் தண்ணீரை இழுக்க முடியாமல் போய் இலை நுனி கருகும். ஆகவே வரிசை இதுதான்: மேல் மண்ணைச் சுரண்டுவது, அலசுவது, பிறகு காயப்போடுவது. ஏன், எவ்வளவு, எப்படி என்பதைப் பார்ப்போம்.

முதலில் படத்தை ஒழுங்காக எடுங்கள்

நல்ல வெயிலில் மேலே இருந்து எடுத்த ஒரே படத்தை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. உச்சி வெயிலில் காய்ந்த மண் முழுக்க வெளுத்துத் தெரியும், உப்பு இல்லாத இடமும் உப்பு மாதிரி இருக்கும். ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் பாசியின் பச்சை மங்கிவிடும். ஃபிளாஷ் போட்டால் ஈர மண் பளபளத்து வெள்ளைத் திட்டுகள் இருப்பதுபோல் காட்டும்.

காலையில், தண்ணீர் ஊற்றுவதற்கு முன், நேர் வெயில் விழாத வெளிச்சத்தில் எடுங்கள். மேலே இருந்து ஒன்று, விளிம்பு தெரியும்படி சாய்வாக ஒன்று, அடித்துளையும் தட்டும் தெரியும்படி ஒன்று. அளவு தெரிய ஓர் ஒரு ரூபாய்க் காசை மண் மேல் வையுங்கள். இந்த மூன்றில் அடித்துளைப் படத்தைத்தான் யாரும் அனுப்புவதில்லை. பாதிக் காரணம் அங்கேதான் இருக்கிறது: துளை அடைத்திருக்கும், அல்லது தட்டில் தண்ணீர் நின்றுகொண்டிருக்கும்.

பிறகு தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் கழித்து அதே கோணத்தில் இன்னொரு படம் எடுங்கள். இந்த ஜோடிப் படம்தான் பெரிய உதவி. ஈரம் பட்டதும் வெள்ளை மறைந்து, இரண்டு மூன்று நாளில் மண் காய்ந்ததும் அதே இடத்தில் திரும்பி வந்தால் அது உப்பு. பஞ்சுபோல் நின்றது நனைந்து படுத்துவிட்டால் பூசணம். நனைந்த பிறகும் தனித்தனி வெள்ளை மணிகளாகவே இருந்தால் அது மண் கலவையில் சேர்த்த பெர்லைட், அதற்கு எதுவும் செய்ய வேண்டாம்.

வெள்ளை எந்த வெள்ளை?

உப்புப் படிவம் தொட்டியின் விளிம்பை ஒட்டி வளையம்போலத் தொடங்கும். தொட்டால் பொருபொருவென்று இருக்கும், நகத்தால் கீறினால் தூளாக உதிரும். மண் கட்டிகளின் உச்சியில் அதிகமாகவும் பள்ளத்தில் குறைவாகவும் இருக்கும், ஏனென்றால் உச்சியில்தான் முதலில் காய்கிறது. பூசணம் அப்படியல்ல. அது நூல் நூலாக, மென்மையாக, பெரும்பாலும் தொழு உரமோ புண்ணாக்கோ விழுந்த இடத்தைச் சுற்றி வட்டமாக இருக்கும். அந்தப் பூசணம் மட்கும் பொருளைத்தான் தின்கிறது, செடியை அல்ல. கிளறிவிட்டுக் காயவிட்டால் போய்விடும். அதன் மேல் மஞ்சள் தூள் தூவுகிறவர்கள் உண்டு. மண்ணுக்கு மஞ்சள் பூசி அழகு பார்த்ததாகிறது, ஈரம் அப்படியேதான் இருக்கிறது. வேப்பம் புண்ணாக்கை மேலே தூவினால் பூசணம் வராது என்பதும் சரியல்ல. நனைந்து கிடக்கும் வேப்பம் புண்ணாக்கு மேலேயே வெள்ளைப் பூசணம் நன்றாக வளரும். போடுவதென்றால் மண்ணுக்குள் கலந்துவிட வேண்டும்.

உப்பிலும் இரண்டு வகை. போர்த் தண்ணீரின் கடினத்தன்மையால் வருவது பெரும்பாலும் சுண்ணாம்புப் படிவம். உரத்தாலும் உவர்ப்பாலும் வருவது தண்ணீரில் கரையும் உப்பு. பிரித்தறிய ஒரு பாட்டில் மூடியில் கொஞ்சம் படிவத்தைச் சுரண்டிப் போட்டு எலுமிச்சைச் சாறோ வினிகரோ சில சொட்டு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு. நுரைக்காமல், வேறொரு மூடியில் வெறும் தண்ணீரில் போட்டாலே கரைந்துவிட்டால் கரையும் உப்பு. நம் ஊர் போர்த் தண்ணீருக்குப் பெரும்பாலும் இரண்டும் கலந்தே இருக்கும்: கொஞ்சம் நுரைக்கும், கொஞ்சம் கரையும். மண்ணில் முட்டை ஓட்டுத் தூள் போட்டிருந்தாலும், சுவருக்கு வெள்ளையடித்தபோது சுண்ணாம்பு சிந்தியிருந்தாலும் இதேபோல் நுரைக்கும். அதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இந்த வித்தியாசம் எதற்கு? அலசினால் கரையும் உப்பு போய்விடும், சுண்ணாம்பு அவ்வளவாகப் போகாது. சுண்ணாம்பை மேல் மண்ணோடு சேர்த்துச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். செடியை உடனே வாட்டுவது கரையும் உப்பு. சுண்ணாம்பு மெதுவாக மண்ணின் காரத்தன்மையைக் கூட்டி இரும்புச் சத்தை வேருக்கு எட்டாமல் செய்யும். மல்லியில் புதுத் தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இந்தக் கோளாறாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மண் தொட்டிக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. மானாமதுரைத் தொட்டி மாதிரி சுட்ட மண்ணில் வெளிச் சுவரில் வெள்ளை பூப்பது செடிக்குக் கெடுதல் அல்ல. உப்பு சுவர் வழியாக வெளியேறுகிறது என்று பொருள். பிளாஸ்டிக் தொட்டியில் அந்த வழியும் கிடையாது, எல்லாம் மேலே வந்துதான் சேர வேண்டும்.

பாசியும் பூச்சியும்

வழவழவென்று பச்சைப் படலமாக இருப்பது பாசி. வெல்வெட் துணிபோல நின்றால் அது மாஸ் எனப்படும் குட்டிச் செடி, அதனால் தொந்தரவு இல்லை. கரும்பச்சையாகக் கூழ்போல் இருப்பது நீலப்பச்சைப் பாசி, தண்ணீர் நிற்கும் இடத்தில் வரும். இவை செடியை நேரடியாகத் தாக்குவதில்லை. ஆனால் பச்சைப் படலம் காய்ந்தால் தோல்போல இறுகிவிடும். ஊற்றும் தண்ணீர் அதன் மேல் ஓடி விளிம்பு வழியாக வழிந்து போகும், நடுவில் வேர்ப்பகுதி நனையவே நனையாது. தட்டில் தண்ணீர் வந்துவிட்டது, மண் நனைந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். பாசி பிடித்த தொட்டியில் செடி வாடினால் ஒரு குச்சியை நடுவில் ஆழமாகக் குத்தி எடுத்துப் பாருங்கள்.

பூச்சிக்கு வருவோம். பூஞ்சை ஈ என்று சொல்லப்படும் இது பார்க்கக் கொசு மாதிரி இருக்கும், கடிக்காது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம், மெலிந்த கருப்பு உடம்பு, நீளக் கால். சரியாகப் பறக்கத் தெரியாது. மண் மேல் குறுக்கும் நெடுக்கும் ஓடும், தட்டினால் கொஞ்சம் எழும்பி மறுபடி அங்கேயே உட்காரும். பழத் தட்டைச் சுற்றி வரும் ஈ வேறு, குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் ரோமச் சிறகுப் பூச்சி வேறு. பாசி அதிகமாக உள்ள தொட்டியில் இன்னொரு ஈயும் வரும். அது உடம்பு தடித்தது, சிறகில் வெளிர் புள்ளிகள் இருக்கும். அது பாசியைத் தின்று வாழ்வது, பாசி போனால் அதுவும் போய்விடும்.

பூஞ்சை ஈயில் பறப்பது தொல்லை மட்டும்தான். கெடுதல் செய்வது மண்ணுக்குள் இருக்கும் புழு. கண்ணாடிபோல் வெள்ளையான உடம்பு, பளபளக்கும் கருப்புத் தலை, முழுதாக வளர்ந்தால் அரை சென்டிமீட்டர் அளவு. பூஞ்சையையும் மட்கும் பொருளையும் தின்னும், போதாவிட்டால் இளம் வேர்த் தூவியைக் கடிக்கும். வளர்ந்த செடி தாங்கும். நாற்றும் புதிதாக வேர் விட்ட பதியனும் தாங்காது.

படத்தில் புழு தெரியாது. அதற்கு உருளைக்கிழங்குச் சோதனை இருக்கிறது: தோல் சீவிய கிழங்கை விரல் கனத்துக்கு வில்லையாக நறுக்கி, மண் மேல் லேசாக அழுத்தி வையுங்கள். மூன்று நாள் கழித்துத் திருப்பினால் அடியில் கருப்புத் தலைப் புழுக்கள் ஒட்டியிருக்கும். அந்த வில்லையின் அடிப்பக்கத்தை நெருக்கமாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வைத்தியம் பலித்ததா என்று பின்னால் ஒப்பிட உதவும்.

முட்டையிலிருந்து பறக்கும் பூச்சி வரை ஒரு சுற்று மூன்று, நான்கு வாரம். ஒரு தாய்ப் பூச்சி நூறு முதல் இருநூறு முட்டை இடும். இன்று எல்லாப் பூச்சியையும் அடித்துக் கொன்றாலும் மண்ணுக்குள் இருப்பது அடுத்த வாரம் வெளியே வரும். எந்த வைத்தியமும் குறைந்தது ஒரு சுற்று முழுவதும் நீடித்தால்தான் பலிக்கும்.

ஒரு குண்டுமல்லித் தொட்டி

திருநகர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா வீட்டுத் தொட்டியை எடுத்துக்கொள்வோம். 12 அங்குல பிளாஸ்டிக் தொட்டி, போர்டிகோவில் பாதி நிழலில் இருக்கிறது. செம்மண், கோகோபீட், மண்புழு உரம் கலந்தது. தரை அழுக்காகக் கூடாது என்று அடியில் தட்டு. படத்தில் விளிம்பெல்லாம் வெள்ளை வளையம், சுவர்ப் பக்கம் பச்சைப் படலம், இலை நுனி பழுப்பு, தளிர் மஞ்சள். பூச்சியும் இருந்தது.

"என்ன தண்ணிக்கா ஊத்துறீங்க?"

"ஆர்.ஓ. மெஷின்ல வர்ற வேஸ்ட் தண்ணி தம்பி. சும்மா சாக்கடையிலதான போகுது, செடிக்காச்சும் ஆகட்டும்னு."

மதுரையில் பல வீட்டில் இதுதான் நடக்கிறது. ஆர்.ஓ. இயந்திரம் உப்பை அழிப்பதில்லை, பிரித்து ஒரு பக்கம் ஒதுக்குகிறது. ஒரு பங்கு குடிநீருக்கு ஒரு பங்கு கழிவு என்றால் கழிவில் உப்பு கிட்டத்தட்ட இரு மடங்கு. அக்கா வீட்டுக் கழிவு நீரில் டி.டி.எஸ். மீட்டரை முக்கினால் 2,000 காட்டியது. அதாவது லிட்டருக்கு 2 கிராம் உப்பு. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் என்றால் மாதத்துக்கு 60 கிராம். தட்டில் வடிந்ததையும் மண் திரும்ப உறிஞ்சிக்கொள்வதால் அந்த உப்பு தொட்டியை விட்டு வெளியே போகவே இல்லை. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் டி.டி.எஸ். 500 வரை என்கிறது, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை. அந்தக் கடைசி எல்லையில் இருக்கும் தண்ணீரை வடிகால் இல்லாத தொட்டிக்கு நாள்தோறும் ஊற்றியிருக்கிறார்கள்.

அதோடு வாரா வாரம் கடலைப் புண்ணாக்குக் கரைசல். நல்ல உரம்தான், ஆனால் காயாத மண்ணில் மேலாக ஊற்றினால் பூஞ்சை ஈக்கு விருந்து. அரிசி கழுவிய தண்ணீர், டீத்தூள், மீன் அமிலம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

வைத்தியம், வரிசைப்படி

முதல் வேலை சுரண்டுவது. மண் சற்றுக் காய்ந்திருக்கும் நேரத்தில் மேல் மண்ணை ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு கரண்டியால் எடுத்துவிடுங்கள். உப்பு, பாசி, பூச்சி முட்டை மூன்றிலும் பெரும் பகுதி இதிலேயே போய்விடும். அலசிய பிறகு சுரண்டலாம் என்று விட்டால் மேலே இருந்த உப்பெல்லாம் கரைந்து மறுபடி வேருக்கு இறங்கும். மல்லிக்கு மேலாகவே மெல்லிய வேர் ஓடும், அதனால் தண்டுக்குப் பக்கத்தில் வரும்போது மெதுவாகச் சுரண்டுங்கள். எடுத்த மண்ணை உரக்குழியில் போட வேண்டாம், ஒரு பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

இரண்டாவது, அடித்துளை. தொட்டியைச் சாய்த்துத் துளைக்குள் ஒரு குச்சி விட்டு அடைப்பை எடுங்கள். தட்டை அகற்றிவிட்டு, தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அடியில் ஒரு பேசின் இருந்தால் வடிவதைப் பிடிக்கலாம். துளை சரியாகாமல் அலசப் போனால் தொட்டி குளமாகிவிடும்.

மூன்றாவது, அலசுவது. தொட்டியில் உள்ள மண்ணின் கொள்ளளவுக்கு இரண்டு மடங்கு தண்ணீர் வேண்டும். 12 அங்குலத் தொட்டியில் சுமார் 12 லிட்டர் மண் இருக்கும், ஆக 24 லிட்டர், அதாவது நம் வீட்டுப் பிளாஸ்டிக் குடத்தில் ஏறக்குறைய இரண்டு. எந்தத் தண்ணீர் என்பது முக்கியம். உப்புத் தண்ணீரால் உப்பை அலச முடியாது. மாநகராட்சிக் குழாயில் வரும் நல்ல தண்ணீர், பிடித்து வைத்த மழைத் தண்ணீர், ஏ.சி. பைப்பில் சொட்டும் தண்ணீர் எல்லாம் சரி. ஏ.சி. தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது, உப்பு ஏறக்குறைய இல்லை. ஒரு வாளியை வைத்து நாலைந்து நாள் சேர்த்தாலே ஒரு அலசலுக்கு ஆகும். கொசு முட்டையிடாமல் மூடி வையுங்கள்.

ஒரேயடியாகக் கொட்டாதீர்கள். கொட்டினால் தொட்டிச் சுவரை ஒட்டி ஓடிவிடும், உள் மண் அலசப்படாது. முதலில் ஓரிரு லிட்டர் மட்டும் விட்டு அரை மணி நேரம் ஊறவிடுங்கள், உறைந்த உப்பு கரையட்டும். பிறகு சொம்பால் மெதுவாக, மண் முழுக்கப் படும்படி ஊற்றி, வடிந்ததும் அடுத்த சொம்பு. வடியும் தண்ணீர் முதலில் டீத்தண்ணீர் நிறத்தில் வரும், அது கோகோபீட்டின் சாயம், பயப்பட வேண்டாம்.

மீட்டர் இருந்தால் வடிவதை அளந்துகொண்டே போகலாம். அக்கா வீட்டில் ஊற்றிய குழாய்த் தண்ணீர் 250. முதலில் வடிந்தது 4,100, ஒரு குடம் முடிந்தபோது 1,900, இரண்டாவது குடம் முடியும்போது 700. அதற்கு மேல் ஊற்றியும் எண் பெரிதாக இறங்கவில்லை, நிறுத்திவிட்டோம். எண் இறங்குவது நிற்கும் இடம்தான் நிறுத்த வேண்டிய இடம். இந்த மீட்டர் தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்பதை வைத்துக் கணக்குப் போடுவது. அது சோடியமா சுண்ணாம்பா உரமா என்று சொல்லாது. தண்ணீரின் முழு விவரம் வேண்டுமென்றால் ஆய்வகத்துக்குக் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

நான்காவது, புழுவுக்கு மருந்து. இதற்குச் சரியான ஆள் பேசிலஸ் துரின்ஜியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்ற பாக்டீரியா, சுருக்கமாக பி.டி.ஐ. கொசுப் புழுவைக் கட்டுப்படுத்தப் பயன்படுவது. உரக்கடையில் "பி.டி." என்று மட்டும் கேட்டால் காய்ப்புழுவுக்கு அடிக்கும் குர்ஸ்டாகி வகையைக் கொடுத்துவிடுவார்கள், அது இந்தப் புழுவை ஒன்றும் செய்யாது. லேபிளில் இஸ்ரேலென்சிஸ் என்று இருக்கிறதா பாருங்கள். லேபிளில் உள்ள அளவுப்படி கலந்து, அலசி முடித்துத் தண்ணீர் முழுதும் வடிந்த பிறகு கடைசியாக ஒரு லிட்டர் மேல் மண்ணில் சீராக ஊற்றுங்கள். முதலிலேயே ஊற்றினால் அலசலோடு மருந்தும் போய்விடும். புழு அதைத் தின்றால்தான் சாகும். முட்டைக்கும் கூட்டுப் புழுவுக்கும் பறக்கும் பூச்சிக்கும் வேலை செய்யாது, மண்ணில் அதிக நாள் தங்குவதும் இல்லை. அதனால் வாரம் ஒரு முறை மூன்று முறை ஊற்ற வேண்டும்.

பறப்பதற்கு மஞ்சள் ஒட்டுப்பொறி. கடையில் வாங்கலாம், அல்லது மஞ்சள் பிளாஸ்டிக் அட்டையில் விளக்கெண்ணெய் தடவலாம். பலரும் செடியின் உச்சியில் தொங்கவிடுகிறார்கள். இந்தப் பூச்சி அவ்வளவு உயரம் வராது. மண்ணுக்கு ஓரிரு அங்குலம் மேலே, படுக்கை வசத்தில் வையுங்கள். வாரம் ஒரு முறை அட்டையைப் படம் எடுத்துத் துடைத்து மறுபடி எண்ணெய் தடவினால் பூச்சி குறைகிறதா என்று கண்ணுக்கே தெரியும்.

ஐந்தாவது, இப்போதுதான் காயப்போடுவது. உப்பு போய்விட்டதால் மண் காய்ந்தாலும் வேருக்கு ஆபத்து குறைவு. மேல் மண் ஓர் அங்குல ஆழத்துக்கு நிறம் வெளுத்து, விரலில் ஒட்டாமல் உதிரும் வரை அடுத்த தண்ணீர் இல்லை. போர்டிகோ நிழலில் இதற்கு நாள் பிடிக்கும், சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் மறுநாளே ஆகிவிடும். நாளை எண்ணாமல் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். இலை லேசாகத் துவண்டால் ஊற்றிவிடுங்கள், அதற்கு மேல் பிடிவாதம் வேண்டாம். செடியை வாரம் ஒரு முறை கால் சுற்றுத் திருப்பி வைத்தால் சுவர்ப் பக்கமும் வெயில் பட்டுக் காயும்.

மேலே மணல் பரப்பினால் பூச்சி வராது என்று சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. மணல் காய்ந்து தெரியும், அடியில் ஈரம் அப்படியே இருக்கும், எப்போது ஊற்றுவது என்ற கணக்கு தப்பும். பூச்சி விளிம்பு இடுக்கு வழியாகவும் அடித்துளை வழியாகவும் நுழைந்துகொள்ளும்.

அதன் பிறகு

அலசல் உப்போடு தழைச்சத்தையும் கொண்டுபோய்விடும். ஆனாலும் உடனே உரம் போட வேண்டாம். பத்து நாள் கழித்து, வழக்கமாகப் போடுவதில் பாதி போதும். புண்ணாக்குக் கரைசலைப் பூச்சி அடங்கும் வரை நிறுத்திவையுங்கள். பிறகு கொடுக்கும்போது நன்றாகத் தெளிந்த மேல்நீரை மட்டும் ஊற்றுங்கள். தளிர் மஞ்சளாக இருப்பதற்கு லிட்டருக்கு 5 கிராம் ஃபெரஸ் சல்பேட் கரைத்து மாலையில் இலை மேல் தெளிக்கலாம். மல்லித் தோட்டங்களில் இரும்புக் குறைக்கு மாதம் ஒரு முறை இப்படித்தான் தெளிப்பார்கள். தரையில் சிந்தினால் துருக்கறை பிடிக்கும், தொட்டியை நகர்த்திவிட்டுத் தெளியுங்கள். கருகிய நுனி பழையபடி பச்சையாகாது, புதிதாக வரும் இலையைப் பார்த்துத்தான் தேறுகிறதா என்று சொல்ல முடியும்.

ஊற்றும் பழக்கம் மாறாவிட்டால் வெள்ளை திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் ஊற்றியதில் ஐந்தில் ஒரு பங்காவது அடியில் வடிய வேண்டும், வடிந்ததை அரை மணி நேரத்துக்குள் கொட்டிவிட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் ஊற்றுவதைவிட, காய்ந்த பிறகு நிறைவாக ஊற்றுவது உப்புக்கும் நல்லது, பூச்சிக்கும் பகை. போர்த் தண்ணீர்தான் கதி என்றால் இரண்டு முறை அது, ஒரு முறை நல்ல தண்ணீர் என்று மாற்றி ஊற்றுங்கள். ஆர்.ஓ. கழிவு நீரைத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளலாம்.

அக்கா வீட்டில் மூன்றாவது முறை மருந்து ஊற்றிய பிறகு வைத்த கிழங்கு வில்லையில் புழு இல்லை. ஒட்டுப்பொறியில் மட்டும் ஒன்றிரண்டு பூச்சி விழுந்துகொண்டிருந்தது. பார்த்தால் பக்கத்தில் இருந்த கற்பூரவல்லித் தொட்டியிலிருந்து வருகிறது. ஒரு தொட்டியில் பூச்சி கண்டால் அதே இடத்தில் இருக்கும் எல்லாத் தொட்டிக்கும் கிழங்குச் சோதனை வையுங்கள்.

மழைக்காலம் வந்தால் உப்பு தானாகப் போய்விடும் என்று நினைக்காதீர்கள். ஐப்பசியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால்கூட 12 அங்குலத் தொட்டியின் வாய்க்குள் விழுவது சுமார் 7 லிட்டர்தான், அலசலுக்கு வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சன்ஷேடுக்கு அடியில் இருந்தால் அதுவும் கிடையாது. மாடிக் குழாயிலிருந்து முதல் மழையை ஓடவிட்டு, அடுத்ததை டிரம்மில் பிடித்து ஊற்றுவதே கணக்குக்கு வரும். அதே மாதங்களில்தான் மேல் மண் காயாமல் பாசியும் பூச்சியும் பெருகும் என்பதால், அலசிய தொட்டியை மழை படாத, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

இவ்வளவு செய்தும் பலிக்காத தொட்டிகள் உண்டு. ஊற்றிய தண்ணீர் பதினைந்து நிமிடம் ஆகியும் மேலேயே நின்றால், மண்ணில் அழுகிய முட்டை நாற்றம் வந்தால், வேரைப் பிடித்து இழுக்கும்போது மேல்தோல் உறைபோல் கழன்று நூல் மட்டும் மிஞ்சினால், அலசுவதில் பயனில்லை. அழுகிய வேரை வெட்டிவிட்டுப் புது மண்ணுக்கு மாற்றுங்கள். புதுக் கலவைக்கு வாங்கும் கோகோபீட் கட்டியிலேயே உப்பு இருக்கும். ஊறவைத்து, பிழிந்து, தண்ணீர் மாற்றி இரண்டு மூன்று முறை அலசிய பிறகே கலக்க வேண்டும். மீட்டர் இருந்தால் பிழிந்த நீரை அளந்து பாருங்கள். கொட்டிய பழைய மண்ணைக் காய்கறித் தொட்டிக்குக் கலக்க வேண்டாம். வீட்டில் தென்னை இருந்தால் அதன் பாத்தியில் பரப்பிவிடலாம், தென்னை அந்த உப்பைத் தாங்கும்.